மோட்டார் கடை வாட்ஸ்அப்: 'நாளை' என்று அனுப்புவதை நிறுத்திய பிறகு

கிருஷ்ணகிரியில் எங்களுக்கு ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கிறது. எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றுவது என் கணவர். கடைப் போன் என் கையில். வாடிக்கையாளர் கேட்பதை நான் சத்தமாகப் படிப்பேன். அவர் வேலை மேசையிலிருந்து தலை நிமிராமல் ஒரு வார்த்தை சொல்வார். "நாளை", "ஆகிவிட்டது", "பார்க்கலாம்", அவ்வளவுதான். கடை தொடங்கிய நாளிலிருந்து அந்த ஒற்றை வார்த்தைதான் அப்படியே பதிலாகப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் பாதி நேரம் ஆங்கில எழுத்தில். இப்போது ஒரு வருடத்துக்கும் மேலாக முழு வாக்கியங்களில் பதில் அனுப்புகிறோம். இதில் எது பலன் தந்தது, எது வீண் வேலை என்று எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வாடிக்கையாளரின் நிலைமையைச் சொல்லவேண்டும். இங்கே ஆழ்துளைக் கிணறுகள் மிக ஆழமானவை. நீர்மூழ்கி மோட்டாரை வெளியே எடுக்கவும் திரும்ப இறக்கவும் தனி ஆட்கள், தனி வண்டி வேண்டும். இரண்டு முறையும் கூலி உண்டு. மோட்டார் தயார் என்று நம்பி ஆட்களை வரச் சொல்லிவிட்டு, கடைக்கு வந்து பார்த்தால் வேலை முடியவில்லை என்றால் அன்றைய கூலி விவசாயி தலையில் விழும். எனவே பதிலில் மரியாதை குறைவா, கூடுதலா என்பது எங்களுக்கு இரண்டாவது கேள்விதான். அந்தப் பதிலை நம்பி அவர் பணம் செலவழிப்பாரா என்பது முதல் கேள்வி.

"நாளை" என்பதில் உள்ள சிக்கலைக் கவனித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நான் செவ்வாய் இரவு அனுப்புவேன். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காத இடமாக இருந்தால் வாடிக்கையாளர் புதன் காலையில் படிப்பார். அவருக்கு "நாளை" என்பது வியாழன். அதே போல இன்னொன்று: "முடிந்தது" என்று கணவர் சொன்னால் காயில் சுற்றி முடிந்தது என்று பொருள். விவசாயி படிக்கும்போது மோட்டாரை எடுத்துப்போகலாம் என்று பொருள். இடையில் ஓர் இரவு இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள்ளேயே ஓடுவது. ஆகவே சுற்றி முடித்த ஸ்டேட்டரை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் மெக்கர் என்ற மீட்டரில் இன்சுலேஷன் சோதித்த பிறகுதான் மூடுவோம். சோதனையில் தேறாவிட்டால் மறுபடியும் பிரிக்கவேண்டும்.

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவரின் 5 எச்.பி. மோட்டார் இப்படித்தான் வந்தது. செவ்வாய் மாலை "முடிந்ததா?" என்று கேட்டார். கணவர் "வைண்டிங் முடிந்தது என்று சொல்" என்றார். நான் அனுப்பியது இது:

"வணக்கம் அண்ணா. உங்கள் 5 எச்.பி. மோட்டாருக்குக் காயில் சுற்றி முடித்துவிட்டோம். இன்று இரவு தண்ணீரில் ஊறவேண்டும். புதன் காலை சோதித்துப் பார்த்து 11 மணிக்குள் நானே செய்தி அனுப்புகிறேன். அந்தச் செய்தி வந்த பிறகு ஆட்களை வரச் சொல்லுங்கள்."

புதன் காலையில் அடுத்தது போயிற்று:

"வணக்கம் அண்ணா. சோதனை சரியாக இருக்கிறது, மோட்டார் தயார். மொத்தம் ரூ.7,400. நீங்கள் கொடுத்த முன்பணம் ரூ.2,000 போக மீதி ரூ.5,400. இன்று இரவு 7 மணி வரை கடை திறந்திருக்கும்."

இதில் அலங்காரமாக ஒரு சொல்லும் இல்லை. கணவர் சொன்ன ஒற்றை வார்த்தையை எடுத்து, அதில் எந்த இடத்தை நம்பி அவர் அடுத்த வேலையைச் செய்வார் என்று பார்த்து, அந்த இடத்தில் கிழமை, மணி, தொகை மூன்றையும் போட்டேன். கடைசி வாக்கியம் அவர் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்கிறது. "எப்போது வரட்டும்?", "எவ்வளவு?", "கடை இருக்கிறதா?" என்று முன்பெல்லாம் வரிசையாக வரும் மூன்று கேள்விகளும் இப்போது வருவதில்லை. எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான். ஒரு செய்தி நீளமாகிறது, மொத்தத்தில் செய்திகள் குறைகின்றன.

அடுத்த சிக்கல் பேரம். "6,500-க்கு முடித்துவிடுங்கள்" என்று வாடிக்கையாளர் எழுதுவார். பார்த்துவிட்டோம் என்பதற்காக நாம் "சரி" என்றோ கட்டைவிரல் குறியோ போடுவோம். அவர் விலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. 2021-இல் கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்தில் ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்துக்கு ஒரு விவசாயி கட்டைவிரல் குறி அனுப்பினார். 'பார்த்தேன் என்றுதான் அனுப்பினேன்' என்று அவர் வாதிட்டும், 2023-இல் நீதிமன்றம் அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டு எண்பதாயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. நம் ஊர்க் கடைக்கு அவ்வளவு தூரம் போகாது என்றாலும் மனக்கசப்பு வர அது போதும். இப்போது விலைப் பேச்சுக்கு நான் குறியே போடுவதில்லை. "உங்கள் செய்தியைப் பார்த்தேன் அண்ணா. அவரிடம் கேட்டு மாலை 5 மணிக்குள் விலை சொல்கிறேன். அதுவரை வேலை தொடங்கமாட்டோம்" என்று எழுதுகிறேன். கடைசிப் பகுதிதான் முக்கியம். செம்பு விலை மேலும் கீழும் போவதால், விலை சொல்லும்போது அது எந்தக் கிழமை வரைக்கும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.

இனி பலன் தராத பக்கம். தொடக்கத்தில் "தங்களது மோட்டார் பழுதுபார்க்கும் பணி நிறைவுற்றது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்ற நடையிலும் சில செய்திகள் போயின. பர்கூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நேரில் வந்து, "என்னம்மா, பாங்க்கிலிருந்து வந்த நோட்டீஸ் போல இருக்கிறது, ஏதாவது பாக்கியா?" என்று கேட்டார். பல வருடப் பழக்கம் உள்ளவரிடம் திடீரென்று அந்த நடையில் பேசினால் ஏதோ கோபம் என்றுதான் நினைப்பார். அண்ணா, ஐயா, அம்மா என்ற விளி இருக்கவேண்டும். அதற்குப் பின் வரும் வாக்கியம் எளிமையாக, முழுமையாக இருந்தால் போதும். மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவுக்கு மட்டும் கொஞ்சம் விறைப்பாக எழுதுகிறேன். அவர்கள் அதை அப்படியே மேலதிகாரிக்கு அனுப்புவார்கள். அங்கே மோட்டாரின் எண், குதிரைத்திறன், தேதி எல்லாம் முதல் வரியிலேயே வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தானாகப் போகும் வரவேற்புச் செய்தியையும் போட்டுப் பார்த்தோம். இது புதியவருக்கு மட்டும் போவதில்லை. 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதும் பழையவருக்கும் போகும். மோட்டார் மாதாமாதம் எரிவதில்லையே. ஆகவே எங்கள் பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் "எங்கள் கடைக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று போய்க்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன்.

அதே செயலியில் உள்ள விரைவுப் பதில் வசதி மட்டும் நிலைத்துவிட்டது. சாய்கோடு போட்டு ஒரு சிறு சொல் தட்டினால் சேமித்த வாசகம் வந்து நிற்கும். நான் `/தயார்`, `/ஊறல்`, `/விலை` என்று வைத்திருக்கிறேன். இதில் ஓர் ஆபத்து உண்டு. தொகை வரும் இடத்தில் வெற்றிடம் விட்டுச் சேமித்தால், அவசரத்தில் நிரப்பாமலே போய்விடும். பழைய தொகையோடு சேமித்தால் இன்னும் மோசம், தவறான விலை சரியான விலை போலவே தெரியும். அதனால் அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகளை வைத்திருக்கிறேன். கண்ணில் குத்தும். தப்பிப் போனாலும் 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும்.

ஒரு வருடத்தில் அதிகம் யோசிக்கவைத்தது புகாருக்கான பதில். "ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் எரிந்துவிட்டது. என்ன வேலை செய்தீர்கள்?" என்று ஒரு செய்தி வந்தது. கணவர் உடனே "அவர் லைனில் கோளாறு என்று சொல்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் திறந்து பார்க்காமல் கணவருக்கும் தெரியாது. உடனே மன்னிப்புக் கேட்டு இலவசமாகச் செய்துதருகிறோம் என்று எழுதினாலும் தவறு. காயில் கருகியிருக்கும் விதம்தான் காரணத்தைச் சொல்லும். மூன்று பேஸ் மோட்டார் ஸ்டார் இணைப்பில் ஒரு பேஸ் வராமல் ஓடியிருந்தால் இரண்டு பேஸின் காயில் கருகி, ஒன்று புதிதாக நிற்கும். மூன்றும் ஒரே அளவில் கருகியிருந்தால் குறைந்த வோல்டேஜ் அல்லது அதிகச் சுமை. மற்றதெல்லாம் நன்றாக இருந்து ஓர் இடத்தில் மட்டும் வெடித்திருந்தால் எங்கள் சுற்றில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். எனவே இப்படி எழுதினேன்:

"வணக்கம் அண்ணா. இந்த நேரத்தில் தண்ணீர் இல்லாமல் நிற்பது எவ்வளவு சிரமம் என்று தெரிகிறது. மோட்டாரைக் கொண்டுவாருங்கள், நீங்கள் இருக்கும்போதே திறக்கிறோம். ஓர் இடத்தில் மட்டும் எரிந்திருந்தால் அது எங்கள் வேலையின் குறை, கூலியும் கம்பியும் வாங்கமாட்டோம். ஒரு பேஸ் போய் எரிந்திருந்தால் அதையும் உங்களுக்குக் காட்டுகிறோம். அப்போது கம்பிக்கு மட்டும் கொடுங்கள். ஸ்டார்ட்டரையும் கழற்றிக்கொண்டு வந்தால் சேர்த்துப் பார்த்துவிடலாம்."

வந்தார். திறந்தோம். இரண்டு பேஸ் கருகியிருந்தது, ஸ்டார்ட்டரில் ஒரு காண்டாக்ட் தேய்ந்திருந்தது. கம்பிக்குப் பணம் கொடுத்தார், காண்டாக்ட்டையும் மாற்றிக்கொண்டார். சத்தம் எதுவும் இல்லை. திறப்பதற்கு முன்பே விதி எழுத்தில் இருந்ததால், திறந்த பிறகு வாதாட ஒன்றும் மிஞ்சவில்லை.

எல்லோருக்கும் இது செல்லாது. வேப்பனப்பள்ளி பக்கத்து வாடிக்கையாளர்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. சிலருக்குத் தமிழ் பேச வரும், நான்கு வரி படிப்பது கடினம். அவர்களுக்குக் குரல் செய்திதான். ஆனால் குரலில் தொகை சொன்னால் பிறகு தேடி எடுக்க முடிவதில்லை. அதனால் குரலில் விவரம் சொல்லிவிட்டு, கீழே கிழமை, மணி, தொகை மூன்றை மட்டும் எண்ணும் சொல்லுமாக ஒரே வரியில் தட்டிவிடுகிறேன். கணவர் இன்னும் "நாளை" என்றுதான் சொல்கிறார். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கேட்காமல் நான் தட்டுவதில்லை. அவருக்கு அதில் எரிச்சல்தான்.