மாதவிடாய் ஒற்றைத் தலைவலி: நினைவை நம்புவதா, நாட்குறிப்பை நம்புவதா?

மாதவிடாய்க்கு முன் தலைவலி வருகிறது என்று ஒரு பெண் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா, மூன்று மாதம் தேதி குறித்துப் பார்க்க வேண்டுமா என்றால், இரண்டாவது வழியே சரியானது என்பேன். ரத்தத்தில் ஹார்மோன் அளவைச் சோதிப்பது மூன்றாவது வழியாகத் தோன்றினாலும், அது இங்கே அநேகமாக உதவாது. மாதவிடாயை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குவதே தலைவலியைத் தூண்டுகிறது. அந்த இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் இயல்பாக நிகழ்வது என்பதால், ஒருநாள் எடுத்த அளவு எதையும் காட்டிக்கொடுக்காது.

நினைவின் குறை, 'முன்னால்' என்ற சொல்லின் தளர்ச்சியில் இருக்கிறது. சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாடு இதைக் குறுகிய காலமாக வரையறுக்கிறது: உதிரப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டு, அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் முதல் மூன்று நாள்களுமாக மொத்தம் ஐந்து நாள்களுக்குள், மூன்று சுழற்சிகளில் குறைந்தது இரண்டிலாவது ஒற்றைத் தலைவலி வந்திருக்க வேண்டும். மாதத்தில் எட்டுப் பத்து நாள் தலைவலி இருப்பவருக்கு அதில் ஒன்று தற்செயலாகவே இந்த ஐந்து நாளில் விழுந்துவிடக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கற்பனையாக ஒருவரின் குறிப்பைப் பார்ப்போம். உதிரப்போக்கு தொடங்கிய நாள்கள் மார்ச் 5, ஏப்ரல் 2, ஏப்ரல் 30. தலைவலி தொடங்கிய நாள்கள் மார்ச் 4, மார்ச் 18, ஏப்ரல் 2, ஏப்ரல் 24. நினைவிலிருந்து கேட்டால் அவர் "மூன்று மாதமும் மாதவிடாய்க்கு முன்னால்தான் வந்தது" என்றே சொல்வார். குறிப்போ, மார்ச் 4, ஏப்ரல் 2 ஆகிய இரண்டை மட்டும் ஏற்று, ஆறு நாள் முந்திய ஏப்ரல் 24-ஐ வெளியே தள்ளுகிறது. மூன்றில் இரண்டு என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் மார்ச் 18-இல் நடுச்சுழற்சியிலும் வலி வந்திருப்பதால், இது இந்த நாள்களில் மட்டுமே வரும் தூய வகை அன்று, மற்ற நாள்களிலும் வரும் 'மாதவிடாய் சார்ந்த' வகை.

இதைக் குறிக்கும்போது, கைபேசிச் செயலி முன்கணித்துக் காட்டும் தேதியை எழுதாமல், உதிரம் உண்மையில் தொடங்கிய தேதியையே எழுத வேண்டும். இரண்டு நாள் பிசகினால் கணக்கே மாறிவிடும். தலைவலி நேரத்தில் குமட்டல், வெளிச்சம் பொறுக்காமை இருந்தனவா, எந்த மாத்திரையை எத்தனை நாள் எடுத்தார் என்பவற்றையும் ஒரு வரியில் சேர்க்கலாம், ஏனெனில் சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளுக்கு மேல் தொடர்ந்து விழுங்குவதே தலைவலியை உண்டாக்கக்கூடும்.

தூய வகை என்று தெரிந்து, சுழற்சியும் ஒழுங்காக இருந்தால், அந்தச் சில நாள்களுக்கு மட்டும் முன்கூட்டியே மருந்து தொடங்குவதைப் பற்றி மருத்துவர் யோசிக்க முடியும்; மேற்கண்ட பெண்ணுக்கு அது மட்டும் செய்தால் மார்ச் 18, ஏப்ரல் 24 வலிகள் கவனிக்கப்படாமலே நின்றுவிடும்.