பத்து இலக்கம் பத்தாகவே இருக்கட்டும்: வடிவம் மாறாக் குறியாக்கத்துடன் நான்கு ஆண்டுகள்

தவணைக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் பழைய டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாடிக்கையாளரின் கைப்பேசி எண் அங்கே `CHAR(10)`. அந்தப் பத்து எழுத்தை நம்பி ஏராளமான கோபோல் புரோகிராம்கள் ஓடுகின்றன. எண்ணை வழக்கமான ஏஇஎஸ் முறையில் பூட்டினால் அது நீண்டு, எழுத்தும் குறியுமாக மாறிவிடும். அத்தனை புரோகிராமையும் திறக்க வேண்டியிருக்கும். அதனால்தான் வடிவம் மாறாக் குறியாக்கத்துக்குப் போனோம். பத்து இலக்கம் உள்ளே போனால் பத்து இலக்கமே வெளியே வரும்.

அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2016-இல் எஃப்எஃப்1, எஃப்எஃப்3 என்று இரண்டு முறைகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டே எஃப்எஃப்3-இல் ஓட்டை கண்டுபிடித்தார்கள். நாங்கள் எடுத்தது எஃப்எஃப்1. 2025 வரைவில் எஃப்எஃப்3-ஐ நிஸ்ட் தூக்கியே விட்டதைப் பார்த்தபோது கொஞ்சம் நிம்மதிதான்.

முதல் சிக்கல் முதல் இலக்கத்தில் வந்தது. நம் கைப்பேசி எண்கள் 6 முதல் 9 வரைதான் தொடங்கும். குறியாக்கினால் 0-வில் தொடங்கும் எண்ணும் வரலாம். அதைப் பழைய சரிபார்ப்பு தள்ளிவிடும். இதற்கு வழி, சரியான இலக்கம் வரும்வரை திரும்பத் திரும்பக் குறியாக்குவது:

```python
def enc(num):
    c = ff1.encrypt(num)
    while c[0] not in "6789":
        c = ff1.encrypt(c)
    return c
```

பத்தில் நான்கு வாய்ப்பு என்பதால் சராசரியாக இரண்டரைச் சுற்று ஆகும். விடுவிக்கும்போதும் இதே சுற்றுதான், திசை மட்டும் எதிர். எண்ணுக்கு எண் ஒன்றுக்கொன்று பொருந்தும் மாற்றம் என்பதால் முடிவில்லாமல் சுற்றாது.

இந்த ஏற்பாடு அழகாக இருந்தது. வினை அந்த அழகில்தான் இருந்தது.

மாற்றும் பணி ஓர் இரவு பாதியில் நின்றது. டேட்டாபேஸில் 5,000 வரிசைக்கு ஒருமுறை கமிட் ஆனது. எங்கே விட்டோம் என்ற குறிப்போ 50,000-க்கு ஒருமுறைதான் எழுதப்பட்டது. மறுபடி ஓட்டியதும் பழைய குறிப்பிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே பூட்டிய கிட்டத்தட்ட 40,000 எண்களை இன்னொரு முறை பூட்டிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை: பூட்டியதும் எண் மாதிரியே இருக்கும், இருமுறை பூட்டியதும் எண் மாதிரியே இருக்கும், அதை ஒருமுறை மட்டும் திறந்தால் வருவதும் எண் மாதிரியே இருக்கும்.

சில நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒருவர் போன் செய்தார். "நான் உங்ககிட்ட கடனே வாங்கலையே சார், தவணை கட்டச் சொல்லி ஏன் மெசேஜ் வருது?" ஒரு சுற்று திறந்து நாங்கள் அனுப்பிய எண், நிஜத்தில் அவருடைய எண்ணாக இருந்திருக்கிறது. அப்புறம்தான் வாடிக்கையாளர் அட்டவணையையும் ரசீது அட்டவணையையும் எண்ணை வைத்து இணைத்துப் பார்த்தோம். பொருந்தாதவை எல்லாம் தொடர்ச்சியான ஒரே வரம்பில் கிடந்தன. அந்த வரம்பை மட்டும் கூடுதலாக ஒருமுறை திறந்ததும் சரியானது.

அதன்பிறகு ஒரு சின்ன மாற்றம் செய்தோம். பூட்டிய எண்ணின் முதல் இலக்கத்திலிருந்து 4 கழித்துவிடுகிறோம். 6 என்பது 2 ஆகும், 9 என்பது 5 ஆகும். இப்போது 2 முதல் 5 வரை தொடங்கினால் அது பூட்டியது. மறுபடி பூட்டக் கேட்டால் நிரல் மறுத்துவிடும். யாருடைய கைப்பேசிக்கும் தவறிப் போகவும் முடியாது. இதற்காக அந்த முதல் இலக்கச் சரிபார்ப்பை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. தரைவழி எண்கள் எங்களிடம் தனிப் புலத்தில் இருப்பதால் இது நடந்தது. ஒரே புலத்தில் கலந்திருந்தால் சென்னையின் 44-உம் மும்பையின் 22-உம் குழப்பியிருக்கும்.

இன்னொரு குறை இன்றும் தீரவில்லை. ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே விடைதான். அட்டவணைகளை இணைக்க அது வேண்டும். ஆனால் நம்பர் தராதவர்களுக்கெல்லாம் ஊழியர்கள் 9999999999 என்று போட்டுவைத்திருந்தார்கள். பூட்டிய அட்டவணையில் அதிகம் திரும்பி வரும் எண்ணைத் தேடினால், சாவி இல்லாதவருக்கும் அது எதுவென்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வரிசைக்கும் கடன் எண்ணை ட்வீக்காக, அதாவது சாவியோடு சேர்க்கும் கூடுதல் உள்ளீடாக, கொடுத்தால் விடை மாறும், ஆனால் எண்ணை வைத்து இணைப்பது போய்விடும். நாங்கள் இணைப்பை வைத்துக்கொண்டோம். போலி எண்களை மட்டும் காலி செய்தோம்.

கார்டு எண்ணுக்கு இதையே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் ஆறையும் கடைசி நான்கையும் தெரியும்படி விட்டால் நடுவில் மிஞ்சுவது ஆறு இலக்கம், பத்து லட்சம் வாய்ப்பு. நிஸ்ட் வரைவு கேட்கும் குறைந்தபட்சமே அதுதான். வங்கியைக் குறிக்கும் முன்பகுதி எட்டாக நீளும் கார்டுகளில், அந்த எட்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது பத்தாயிரம்தான். நான் அதைத் தொடமாட்டேன்.

கவுண்டரில் இருக்கும் அக்காவுக்குத்தான் என்மேல் இன்னும் கோபம். முன்பு கடைசி நான்கு இலக்கத்தை அடித்தே ஆளைக் கண்டுபிடிப்பார். இப்போது பத்தையும் கேட்டு அடிக்க வேண்டியிருக்கிறது.