வீட்டு இணைப்பில் ஐபிவி6: ஐந்தாண்டு அனுபவம்

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டு வாசலில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கேமரா பொருத்தினேன். வீட்டுக்குள் படம் தெளிவாகத் தெரிந்தது. வெளியூரிலிருந்து திறந்தால் ஒன்றும் வரவில்லை. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டும் பயனில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.72 என்று தொடங்குவதைக் கவனித்தேன்.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் பொது இணையத்தில் செல்லாதவை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சேவை நிறுவனங்களுக்காக ஒதுக்கப்பட்டவை. வீட்டிலிருந்து வெளியே போக இந்த ஏற்பாடு போதும். வெளியிலிருந்து ஒருவர் தேடி வந்தாலோ, அவர் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது நடுவிலுள்ள கருவிக்குத் தெரியாது.

இந்தப் பங்கீடே பற்றாக்குறையால் வந்தது. பழைய ஐபிவி4 முகவரியின் நீளம் 32 பிட். மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். அவை தீர்ந்துபோகும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து 1995-இல் ஐபிவி6-இன் முதல் வரையறையை வெளியிட்டார்கள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் மண்டலப் பதிவகங்களுக்குப் போய்விட்டன. புதிய முகவரியின் நீளம் 128 பிட். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கிறது. அம்மா வீட்டு ரவுட்டரில் ஐபிவி6-ஐ இயக்கி, ஃபயர்வாலில் அந்தக் கேமராவுக்கு மட்டும் வழிவிட்டேன். அன்று மாலையே என் மொபைலில் வாசல் தெரிந்தது.

எழுதும் முறைதான் என்னைப் பல மாதம் தடுமாற வைத்தது. எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிய வரிசையிலிருந்து ஒரு முகவரியைப் பாருங்கள்; முதல் வரி முழு வடிவம், அடுத்தது சுருக்கம்:

```
2001:0db8:0000:0000:0001:0000:0000:0025
2001:db8::1:0:0:25
```

ஒவ்வொரு பகுதியிலும் முன்னால் நிற்கும் சுழியங்களை விட்டுவிடலாம். பின்னால் வருபவற்றைத் தொடக் கூடாது. 2500 என்பது 25 ஆகிவிடாது. அடுத்தடுத்து வரும் சுழியப் பகுதிகளை :: என்று எழுதலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான். இரண்டு இடத்திலும் போட்டு 2001:db8::1::25 என்று எழுதினால், விடுபட்ட நான்கு பகுதிகளில் எந்தப் பக்கம் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. நீளமான தொடருக்கே :: போட வேண்டும், இரண்டும் சமமாக இருந்தால் முதலில் வருவதற்கு. எழுத்துகள் சிறியவையாக இருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு 2010-இல் வகுக்கப்பட்டது. அதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. குறிப்பேட்டில் முழு வடிவத்தை எழுதி வைத்துக்கொண்டு ரவுட்டரின் பதிவுகளில் தேடினேன். கேமரா ஒரு முறைகூட இணையவில்லை என்றே நம்பினேன். சுருக்க வடிவத்தில் தேடியதும் வரிசையாக வந்து நின்றது. இப்போது எங்கும் சுருக்க வடிவத்தையே எழுதுகிறேன். உலாவியில் மட்டும் அதைச் சதுர அடைப்புக்குள் இட வேண்டும். இல்லையென்றால் போர்ட் எண்ணுக்கு முன்வரும் முக்காற்புள்ளியோடு குழம்பிவிடும்:

```
http://[2001:db8::1:0:0:25]:8080
```

இரண்டு குறைகள் இன்னும் இருக்கின்றன. மின்சாரம் போய் ரவுட்டர் மீண்டும் எழும்போது சில சமயம் முகவரியின் முன்பாதி மாறிவிடுகிறது. ஐபிவி4 மட்டுமே உள்ள அலுவலக இணைப்பிலிருந்து கேமரா இன்றும் திறப்பதில்லை. அங்கே மொபைல் இணைப்புக்கு மாறித்தான் அம்மாவின் வாசலைப் பார்க்கிறேன்.