பழவேற்காட்டுப் பூநாரைக்கு ஃபுல் ஃபிரேமா, ஏபிஎஸ்-சியா?

பழவேற்காடு ஏரிக்கு 300 மி.மீ. f/4 லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவா, சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவா என்று தேடுவோரைக் குழப்புவது கிராப் ஃபேக்டர், அதாவது சிறிய சென்சார் ஃபுல் ஃபிரேமைவிட எத்தனை மடங்கு குறுகியது என்னும் எண்.

எட்டும் தொலைவு: ஃபுல் ஃபிரேமில் 300 மி.மீ. காட்சிக்கோணம், 1.5 கிராப் கொண்ட ஏபிஎஸ்-சியில் 450 மி.மீ.க்குரிய குறுகிய கோணம். லென்ஸின் குவியத்தூரம் மாறுவதில்லை; சென்சார் ஓரங்களை வெட்டுகிறது, அவ்வளவே. ஆயினும் இரண்டும் 24 மெகாபிக்சல் என்றால், ஃபுல் ஃபிரேம் படத்தை அதே அளவுக்கு வெட்டும்போது, 24-ஐ 1.5-இன் வர்க்கமான 2.25-ஆல் வகுக்க, ஏறக்குறைய 10.7 மெகாபிக்சலே எஞ்சுவதால், தொலைவில் மேயும் பூநாரைக்குச் சிறிய சென்சாரே மேல்.

வெளிச்சமும் மங்கலும்: எக்ஸ்போஷருக்கு இரண்டிலும் f/4 தான். ஆனால் ஏபிஎஸ்-சியின் பின்னணி மங்கல், ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ. f/6 வைத்ததற்கு ஒப்பானது. விளம்பரங்கள் குவியத்தூரத்தை மட்டுமே பெருக்கிக் காட்டும்.

விடியலின் மங்கிய ஒளியில், பறவை சட்டகத்தை நிரப்பும் அளவுக்கு அருகில் இருந்தால் ஃபுல் ஃபிரேம். கரையில் நின்றே எடுப்பவருக்கு ஏபிஎஸ்-சி.