முகத்த வீடியோ எடுத்து நாடித்துடிப்பு சொல்ற ஆப், காசு கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க

ஒரு வருஷ சந்தா கட்டி அப்பா போன்ல போட்டுக் குடுத்தேன். செல்ஃபி கேமராவ 30 செகண்ட் பாத்தா போதும், எங்க வேணா எப்ப வேணா துடிப்பு பாக்கலாம்னு விளம்பரம். ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு, 70, 72, 75ன்னு காட்டிட்டே இருந்துச்சு.

போன வாரம் ராத்திரி டிவி பாத்துட்டு இருக்கும்போது அப்பா "நெஞ்சு படபடன்னு அடிக்குதுடா"ன்னாரு. ஆப்ல 74. விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர்ல 128. எது பொய்னு தெரியாம மணிக்கட்ட பிடிச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணினேன், 126. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயாச்சு, இப்ப பரவால்ல.

அப்புறம் எனக்குத் தூக்கம் வரல. நான் விரல்ல ஆக்ஸிமீட்டர மாட்டிக்கிட்டு, மெட்ரோனோம 90ல வச்சு தாளத்துக்கு ஏத்த மாதிரி லேசா தலைய ஆட்டினேன். ஆக்ஸிமீட்டர் 70, ஆப் 91. 110க்கு மாத்தினா ஆப்பும் பின்னாடியே 109க்குப் போகுது. அப்ப அது எண்ணினது என் தலையாட்டல! கடைசியா எங்க தாத்தாவோட பழைய போட்டோவ கேமரா முன்னாடி பிடிச்சேன், அவருக்கும் 68 துடிப்பு வந்துச்சு 😐

விஷயம் என்னன்னா, ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கு அடியில ரத்தம் கொஞ்சம் கூடும், ஹீமோகுளோபின் பச்சை வெளிச்சத்த நல்லா உறிஞ்சும், அதனால முகத்தோட பச்சை அளவு ஒரு துளி குறையும். டெக்னிக் நிஜம்தான். ஆனா கேமரா பச்சைய 0லருந்து 255 வரைக்கும் அளக்குதுன்னா இந்த மாற்றம் பல நேரம் அதுல ஒரு படி கூட இருக்காது, ஆயிரக்கணக்கான பிக்சலுக்கு சராசரி எடுத்தாத்தான் தலை காட்டும். லேப்ல ஒரே சீரான லைட்டு, அசையாத ஆளு, கம்ப்ரஸ் பண்ணாத வீடியோ. வீட்ல டிவி மினுக்குது, கேமரா தானா எக்ஸ்போஷர மாத்துது, தலை ஆடுது, இது ஒவ்வொண்ணும் ரத்தத்தோட மாற்றத்த விட பல மடங்கு பெருசு. வீடியோவ கம்ப்ரஸ் பண்ணும்போது கண்ணுக்குத் தெரியாத மாற்றம்னு முதல்ல தூக்கிப் போடுறதும் இதத்தான். எங்கள மாதிரி கருத்த தோல்ல மெலனினே பாதி வெளிச்சத்த குடிச்சிரும், சிக்னல் இன்னும் மங்கல்.

இதுல நிமிஷத்துக்கு 42லருந்து 240க்குள்ள பச்சை அளவோட எந்த ஏற்ற இறக்கம் பலமா இருக்கோ அதத்தான் துடிப்புன்னு எடுத்துக்குவாங்க. துடிப்பே பதிவாகாம தாறுமாறான மாற்றம் மட்டுமே இருந்தாலும் அதுல ஏதாவது ஒண்ணு பெருசாத்தான் இருக்கும். "சிக்னல் சரியில்ல, அளக்க முடியல"ன்னு சொல்லத் தெரியணும், இந்த ஆப்புக்கு அது தெரியல.

கஸ்டமர் கேர்ல கேட்டா "நல்ல வெளிச்சத்துல அசையாம உக்காருங்க சார்"ங்கிறாங்க. படபடன்னு அடிக்கும்போது மனுஷன் எப்படி அசையாம உக்காருவான்? காசும் திரும்பி வராதாம். நீங்க ஏற்கனவே வாங்கியிருந்தா இன்னைக்கே ஒரு போட்டோவ காட்டிப் பாருங்க, நம்பர் வந்தா டெலீட் பண்ணிருங்க.