"பார்த்துக்கலாம்" என்று சொன்னால் டிக்கெட் போடாதீர்கள்

மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூருக்கு இன்டர்வியூ போய் 1,150 ரூபாயை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். டெல்டா பக்கமிருந்து வேலைக்கு அலையும் தம்பி தங்கைகள் படித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனியின் ஹெச்.ஆர். மேடம் போனில் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். "மேடம், போக வரச் செலவு..." என்று இழுத்தேன். "வாங்க தம்பி, டிஏ எல்லாம் பார்த்துக்கலாம்" என்றார். நம்பிவிட்டேன். வீட்டில் நடவு நேரம், அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. அக்காவிடம் கடன் வாங்கி, மறுநாள் 11 மணிக்கு செம்மொழி எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் தட்கல் போட்டேன். திரும்பும்போது திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறி வந்தேன்.

அங்கே டிக்கெட்டை நீட்டியபோது, "வைத்திருங்க, ரிசல்ட் வந்ததும் பார்க்கலாம்" என்றார்கள். மூன்று வாரம் கழித்து நானே மெயில் போட்டேன். இரண்டே வரியில் பதில்: தேர்வானவர்களுக்கு மட்டும்தான், அதிலும் தட்கல் கட்டணம் சேராது. பர்ஸைத் திறந்து பார்த்தால், கண்டக்டர் மெஷினில் அடித்துக் கொடுத்த பஸ் டிக்கெட்டுகள் வெளுத்து வெறும் தாளாகியிருந்தன. அவர்கள் தர நினைத்திருந்தாலும் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அந்த டிக்கெட்டை வாங்கிய உடனே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பொதுத்துறை நிறுவனம் பயணப்படி தருவதாக இருந்தால் பெரும்பாலும் அழைப்புக் கடிதத்திலேயே யாருக்கு, எந்த வகுப்பு, எந்த வழி என்று போட்டுவிடுவார்கள். தனியார் கம்பெனி எழுதித் தராவிட்டால் நாம் பிடித்துக் கேட்க எதுவும் இல்லை. அதனால் அழைப்பு உறுதியான பிறகு, டிக்கெட் போடுவதற்கு முன்னால் மெயிலில் கேளுங்கள். இன்டர்வியூ மேஜையில் கேட்கும் பேச்சு இல்லை இது. ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு அடுத்த மாதம் நான் அனுப்பியது இது:

"அழைப்புக்கு நன்றி. குறித்த நாளில் வருகிறேன். மன்னார்குடியிலிருந்து வருவதால் பயணச்செலவு பற்றி ஒரு விவரம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நேர்காணலுக்கு வரும் எல்லோருக்கும் தருவீர்களா, தேர்வானவர்களுக்கு மட்டுமா? எந்த வகுப்புக் கட்டணம் வரை? தட்கல் சேருமா? எந்த ரசீதுகளைக் கொண்டுவர வேண்டும்? தெரிவித்தால் அதற்கேற்ப டிக்கெட் எடுப்பேன்."

இதில் பணிவுக்குக் குறைவு எதுவும் இல்லை. வருகிறேன் என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. காசு கொடுத்தால்தான் வருவேன் என்ற தொனி வராது. "தருவீர்களா" என்று மட்டும் கேட்டால் மறுபடி "பார்க்கலாம்" என்றுதான் வரும். எல்லோருக்குமா, எதுவரை என்று கேட்டால் அப்படி நழுவ முடியாது.

அன்று மாலையே பதில் வந்தது: வருகிற எல்லோருக்கும் ஸ்லீப்பர் கட்டணம் உண்டு, தட்கலும் ஆட்டோவும் கிடையாது. தட்கல் போடாமல் பஸ்ஸில் போனேன். வேலை கிடைக்கவில்லை. ஆனால் பஸ் காசு பத்தாம் நாள் அக்கவுன்ட்டில் ஏறிவிட்டது.