ஏழு மாதம் நின்ற கார், 9.8 வோல்ட்டில் ஒரு ஸ்கேன், 31,400 ரூபாய்

வேலூர் பக்கம் யார் வீட்டிலாவது கார் மாதக்கணக்கில் சும்மா நிற்கிறது என்றால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

சத்துவாச்சாரியில் அப்பாவின் சின்ன பெட்ரோல் கார். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போய்விட்டு மழையில் நனைந்தபடியே வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். அதற்குப் பிறகு முழங்கால் அறுவை, கார் எடுக்கவில்லை. நான் இருப்பது பெங்களூரில். பொங்கலுக்கு வந்தபோதாவது சாவியைப் போட்டுப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. மாசியில் வந்து கதவைத் திறந்தால் உள்ளே விளக்குகூட எரியவில்லை. பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் மேலே மல்லாட்டைத் தோல் ஒரு கைப்பிடி, எலிப் புழுக்கை, கடித்துப் போட்ட பஞ்சு.

இழுவை வண்டி வந்தது. பின்சக்கரம் இரண்டும் சுற்றவே இல்லை. தரதரவென்று தேய்த்துத்தான் மேலே ஏற்றினார்கள். அன்று மாலையே கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். ஸ்கேனர் திரையில் பத்துப் பன்னிரண்டு எரர் கோடுகள், முதலில் இருந்தது U0100. "சார், ஈசியூ போயிடுச்சு. எலி கடிச்சதுல ஷார்ட் ஆயிருக்கு. புதுசு போட்டா ரொம்ப ஆகும், சென்னைக்கு அனுப்பி ரிப்பேர் பண்ணித் தரேன்" என்றார் கடைக்காரர். ஈசியூ என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். பழைய பெட்ரோலால் பம்ப்பும் போச்சாம். அவ்வளவு சிவப்பு எழுத்துகளைப் பார்த்தபோது எனக்கும் பயம்தான், சரி என்றேன்.

மூன்றாம் நாள் கார் வந்தது, ஓடியது. பில்லில் ஈசியூ ரிப்பேர் 14,500, பெட்ரோல் பம்ப் 7,200, பின்பக்க பிரேக் ஷூ வேலை 4,800, பேட்டரி 4,900. மொத்தம் 31,400.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குக் கிளம்பினேன். பள்ளிகொண்டா டோலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன், வண்டி உதற ஆரம்பித்தது. மேட்டில் இழுக்கவில்லை, இன்ஜின் விளக்கு மினுக் மினுக்கென்றது. விசாரித்து ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக் பாயிடம் போய்ச் சேர்ந்தேன்.

பாய் முதலில் செய்தது, மீட்டரை பேட்டரியில் வைத்ததுதான். 12.5 காட்டியது. அப்புறம்தான் ஸ்கேனரைச் சொருகினார். ஒரே ஒரு கோடு, P0201. முதல் சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் மின்சுற்று அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜெக்டர் பக்கத்துக் கருப்பு டேப்பைப் பிரித்தார். எலி கடித்த ஒயரின் இரண்டு முனைகளையும் வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சூட்டிலும் அதிர்விலும் முறுக்கு விட்டுப்போயிருந்தது. "தம்பி, பல் பதிஞ்சிருக்கு பாருங்க" என்று காட்டினார். சேதப்பட்ட துண்டை வெட்டி, அதே கனத்தில் புது ஒயர் வைத்து சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவைப் போட்டார். 600 ரூபாய்.

எனக்குத் தலை சுற்றியது. அப்போ பத்துப் பன்னிரண்டு கோடு? அந்த வாட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். பாய் பெரிதாக்கிப் பார்த்து, மூலையில் இருந்த சின்ன எண்ணைத் தொட்டார். 9.8 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும். 12-க்குக் கீழே போனாலே கிட்டத்தட்டக் காலி. மின்சாரம் இவ்வளவு குறைந்தால் காரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசாது. ஒவ்வொன்றும் 'அதைக் காணோம், இதைக் காணோம்' என்று கோடு பதிந்துவைக்கும். U0100-க்கு அர்த்தமே இன்ஜின் ஈசியூவோடு தொடர்பு இல்லை என்பதுதான். ஈசியூ செத்துவிட்டது என்பதல்ல. நல்ல பேட்டரியை மாட்டி, கோடுகளை அழித்து, திரும்ப ஸ்கேன் செய்தால் திரும்பி வருவது எதுவோ அதுதான் உண்மையான கோளாறு. முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் அந்த இன்ஜெக்டர் ஒயர் அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்துதான் டேப் சுற்றினார்கள் என்பது வேறு விஷயம்.

ஈசியூவை சென்னைக்கு அனுப்பியதும் பொய். அது அங்கே இருந்ததாகச் சொன்ன அதே நாளில், பின்சக்கரம் இப்போது சுற்றுகிறது என்று காட்ட ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். அதில் கார் தன் இன்ஜினில் தானே நகர்கிறது. ஈசியூ இல்லாமல் இன்ஜின் எப்படி ஓடும்?

பம்ப் கதை இன்னும் மோசம். என் காரில் பம்ப் டேங்குக்குள், பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினோம். மூடியின் திருகுகள் மேல் ஏழு மாதத் தூசி அப்படியே, அதன் மேல் புழுக்கை. யாரும் கைவைக்கவே இல்லை.

பெட்ரோலையும் பாய் பார்த்தார். டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரைமணி நேரம் வைத்தார். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் அடியில் தனியாக ஒரு அடுக்கு பிரிந்து நிற்கும். அப்படி நின்றாலோ, நிறம் பழுப்பாகி வார்னிஷ் வாடை அடித்தாலோ டேங்கைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் ஸ்டார்ட் செய்தால்தான் பம்ப்பும் இன்ஜெக்டரும் கெடும். என் பெட்ரோல் பிரியவில்லை, வாடை மட்டும் கொஞ்சம் மந்தம். புது பெட்ரோலை நிரப்பி ஓட்டச் சொன்னார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி நிஜமாகவே போயிருந்தது. கார் நின்றாலும் கடிகாரம், லாக் இவையெல்லாம் ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-மணி அளவுக்கு உறிஞ்சும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதம் தாங்கினாலே பெரிது. மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, சார்ஜ் ஏறாது. நிறுத்தும்போதே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றியிருந்தால் தப்பியிருக்கலாம், அது எங்கள் தவறு. (பழைய பேட்டரிக்குக் கழிக்க வேண்டிய பணத்தைக் கடைக்காரர் கழிக்கவில்லை. சில்லறை விஷயம், ஆனாலும் எரிச்சல்.)

பிரேக்கிலும் பெரிய குறை இல்லை. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டதில் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு டிரம்மைச் சுற்றிலும் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் பூட்டிய சக்கரத்தோடு இழுத்து ஏற்றியதில் ஒரு பக்கம் லைனிங் உரிந்துவந்துவிட்டதாம். உரிந்த ஷூவைக் கையில் கொடுத்தார்கள், நம்புகிறேன். அவர்கள் திருப்பிக் கொடுத்த ஒரே பழைய பாகம் அதுதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் படங்களோடு கடைக்குப் போனேன். பம்ப் மூடியின் படத்தைப் பார்த்ததும், "பையன் மாத்திட்டேன்னு சொன்னான் சார்" என்று 7,200-ஐ எண்ணிக் கொடுத்தார். ஈசியூ பற்றிப் பேச்செடுத்தால், சென்னைக்கு அனுப்பிய கூரியர் ரசீதைத் தேடித் தருகிறேன் என்கிறார். மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். பில், வீடியோ, 9.8 வோல்ட் படம் எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கார் இப்போது பெங்களூரில், அப்பா சொன்னபடி பானெட்டைத் தூக்கி வைத்தே நிறுத்துகிறேன். வெளிச்சம் பட்டால் எலி தங்காதாம்.